ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே: கட்டட மாதிரியில் மோதல் கண்டறிதலும் துறைகளின் ஒருங்கிணைப்பும்

மருத்துவமனை ஒன்றின் நடைபாதையில் ஃபால்ஸ் சீலிங்குக்கும் பீமின் அடிப்பகுதிக்கும் இடையே உள்ள இடைவெளி பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் குறைவு. குளிர்காற்று டக்ட், குளிர்நீர்க் குழாய்கள், கழிவுநீர்க் குழாய், தீயணைப்புக் குழாய், மருத்துவ வாயுக் குழாய்கள், கேபிள் ட்ரே எல்லாமே அந்த இடைவெளிக்குள் அடங்கியாக வேண்டும். ஒவ்வொன்றையும் வெவ்வேறு பொறியாளர் வடிவமைக்கிறார். வெவ்வேறு ஒப்பந்ததாரர் பொருத்துகிறார். தனித்தனி வரைபடங்களில் எல்லாம் சரியாகவே இருக்கும். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான் டக்ட் பீமுக்குள் நுழைவதும் கழிவுநீர்க் குழாய் டக்ட்டைத் துளைத்துச் செல்வதும் தெரியவரும். இரண்டு பொருள்கள் ஒரே இடத்தைக் கோரும் இந்த நிலையே மோதல். கட்டட மாதிரியில் மோதலைத் தேடுவதைக் கணினி செய்துவிடும். எதை நகர்த்துவது, யார் நகர்த்துவது, எந்த நாளுக்குள் நகர்த்துவது என்ற முடிவை மனிதர்களே எடுக்க வேண்டும். இந்தப் பணியின் பெரும்பகுதி அந்த முடிவுகளில்தான் அடங்கியிருக்கிறது.

ஒளிமேசையிலிருந்து மாதிரிக்கு

முப்பரிமாண மாதிரி வருவதற்கு முன்பும் இந்த ஒருங்கிணைப்பு நடந்தது. ஒவ்வொரு துறையும் தன் வரைபடத்தை ஒரே அளவுகோலில் ஒளி ஊடுருவும் தாளில் வரைந்து வரும். அடியில் விளக்கு எரியும் மேசைமேல் அந்தத் தாள்களை அடுக்கி, கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிடுவார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் டக்ட் ஒப்பந்ததாரர் முதலில் வரைவார். மற்றவர்கள் அவருடைய தாளின்மேல் தங்களுடையதை வைத்துப் பார்ப்பார்கள். அளவில் பெரிய பொருள் முதலில் இடம் பிடிப்பது நியாயம் என்று கருதப்பட்டது. இந்த முறையின் குறை உயரத்தில் இருந்தது. மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் இரண்டு கோடுகள் வெட்டினால், அவை ஒரே உயரத்தில் செல்கின்றனவா, ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் செல்கின்றனவா என்று தாள் சொல்லாது. குறிக்கப்பட்ட உயரங்களைப் படித்து மனக்கணக்காகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கட்டடத்தைக் கோடுகளாக வரையாமல், பொருள்களின் தொகுப்பாகக் கணினியில் சேமிக்கலாம் என்ற கருத்தை அமெரிக்க ஆய்வாளர் சார்லஸ் ஈஸ்ட்மன் 1975-இல் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். அது நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. பல மென்பொருள்களில் வரைந்த மாதிரிகளை ஒன்றுசேர்த்துக் காட்டும் நேவிஸ்வொர்க்ஸ் இங்கிலாந்தில் உருவானது. ஆட்டோடெஸ்க் நிறுவனம் அதை 2007-இல் வாங்கியது. பின்லாந்தில் உருவான சொலிப்ரி, விதிகளின் அடிப்படையில் மாதிரியைச் சோதிக்கும் வழியில் வளர்ந்தது. வெவ்வேறு மென்பொருள்களுக்கு இடையே மாதிரியைப் பரிமாற ஐஎஃப்சி என்ற பொது வடிவம் உண்டு. அது 2013-இல் ஐஎஸ்ஓ 16739 என்ற பன்னாட்டுத் தரமானது. இன்று ஒவ்வொரு துறையும் தன் மாதிரியைத் தனியே வைத்திருக்கிறது. அவற்றின் நகல்களை ஒருங்கிணைப்பாளர் ஒரு கூட்டு மாதிரியாகச் சேர்த்துச் சோதிக்கிறார். கூட்டு மாதிரியில் யாரும் திருத்தம் செய்வதில்லை. அவரவர் தங்கள் மூல மாதிரியைத் திருத்தி மறுபடியும் அனுப்ப வேண்டும்.

மோதலின் மூன்று வகைகள்

முதல் வகை நேரடி மோதல். குழாய் பீமுக்குள் புகுவதும் இரண்டு டக்ட்கள் ஒன்றையொன்று வெட்டுவதும் இதில் அடங்கும். இரண்டு பொருள்களின் கனஅளவும் ஒரே இடத்தில் இருப்பதால் ஐயத்துக்கு இடமில்லை.

இரண்டாவது வகை இடைவெளி மோதல். பொருள்கள் தொட்டுக்கொள்ளவில்லை, ஆனால் அவற்றுக்கிடையே இருக்க வேண்டிய இடம் இல்லை. வால்வின் கைப்பிடியைத் திருப்ப இடம் வேண்டும். தீத்தடுப்பு டேம்பரைச் சோதிக்கும் கதவு திறக்க வேண்டும். காற்றுவடிகட்டியை வெளியே இழுக்க வேண்டும். அமெரிக்காவின் தேசிய மின்விதிகள் மின்பலகையின் முன்னால் குறைந்தது 3 அடி ஆழத்துக்கு வேலை செய்யும் இடம் கேட்கின்றன. பலகைக்கு மேலேயும் 6 அடி வரை, அல்லது கட்டடக் கூரை அதற்குக் கீழே இருந்தால் அதுவரை, தொடர்பற்ற குழாயோ டக்ட்டோ செல்லக் கூடாது என்கின்றன. கசியும் தண்ணீர் மின்பலகைமேல் விழக் கூடாது என்பது இதன் நோக்கம். இத்தகைய இடங்களைக் கண்ணுக்குத் தெரியாத பெட்டிகளாக மாதிரியில் வைத்துவிட்டால், அவற்றுக்குள் எது நுழைந்தாலும் சோதனையில் சிக்கும். பெட்டி வைக்கப்படாத இடைவெளியைச் சோதனை கண்டுகொள்ளாது.

மூன்றாவது வகை வரிசை மோதல். முடிந்த நிலையில் எல்லாம் பொருந்துகின்றன. ஆனால் அந்த நிலைக்குக் கொண்டுபோக வழியில்லை. மேலே செல்ல வேண்டிய டக்ட்டை ஏற்றுவதற்கு முன் கீழே குழாய் பொருத்தப்பட்டுவிட்டால், டக்ட்டை உள்ளே நுழைக்க முடியாது. சுவர் எழுந்தபின் பெரிய இயந்திரத்தை அறைக்குள் கொண்டுசெல்ல முடியாததும் இதே வகைதான். மாதிரியுடன் கால அட்டவணையையும் இணைத்தால்தான் இது தெரியும்.

கணினி தேடும் முறை

நடுத்தரக் கட்டடம் ஒன்றின் கூட்டு மாதிரியில் 40,000 பொருள்கள் இருப்பதாகக் கொண்டால், அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒப்பிட ஏறத்தாழ 80 கோடி இணைகள் வரும். எல்லா இணைகளையும் நுட்பமாகச் சோதிப்பது வீண்வேலை. எனவே மென்பொருள் முதலில் ஒவ்வொரு பொருளையும் ஒரு செவ்வகப் பெட்டியால் சூழ்ந்து, பெட்டிகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று மட்டும் பார்க்கிறது. முதல் மாடிக் குழாயின் பெட்டியும் ஐந்தாம் மாடி டக்ட்டின் பெட்டியும் தொடவே வாய்ப்பில்லை. அந்த இணை உடனே கழிக்கப்படுகிறது. மிஞ்சும் இணைகளில்தான் நுட்பமான சோதனை நடக்கிறது. மாதிரியில் ஒவ்வொரு பொருளின் மேற்பரப்பும் சிறு முக்கோணங்களால் ஆனது. ஒரு பொருளின் முக்கோணம் மற்றதன் முக்கோணத்தை வெட்டினால் அது மோதல்.

இந்த முறைக்குச் சில இயல்பான குறைகள் உண்டு. உருளையான குழாய் முக்கோணங்களாக உடைக்கப்படும்போது பலபட்டை வடிவமாகிறது. எனவே விளிம்பில் ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாடு வரும். ஒரே விட்டமுள்ள இரண்டு குழாய்கள் ஒரே அச்சில் இருந்து, நுனியில் சிறிதளவு ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருந்தால், மேற்பரப்புகள் ஒன்றையொன்று வெட்டாமல் ஒட்டிக் கிடக்கும். அந்த மோதல் தவறிப்போகலாம். இதற்காகவே நேவிஸ்வொர்க்ஸில் `Hard` என்ற சோதனையுடன் `Hard (Conservative)` என்ற இன்னொன்றும் தரப்பட்டிருக்கிறது. அது இத்தகைய இணைகளையும் மோதலாகக் காட்டும். அதற்கு விலையாகப் பொய்யான மோதல்களும் கூடும். `Clearance` என்ற சோதனை குறிப்பிட்ட தூரத்துக்குள் வரும் இணைகளைத் தேடுகிறது. ஒரே பொருள் இரண்டு முறை வரையப்பட்டிருப்பதை `Duplicates` காட்டுகிறது.

நேரடி மோதல் சோதனையில் பொறுத்துக்கொள்ளும் அளவு ஒன்றைக் கொடுக்க வேண்டும். அதைச் சுழியமாக வைத்தால் கட்டுப்பட்டி குழாயைத் தொடுவதுகூட மோதலாகிவிடும். 100 மில்லிமீட்டராக வைத்தால், பீமுக்குள் 80 மில்லிமீட்டர் நுழைந்த டக்ட் பட்டியலிலேயே வராது. கட்டமைப்புடனான சோதனைக்கு இந்த அளவைச் சிறிதாக வைத்துக்கொள்வதும், பணியிடத்தில் எளிதில் வளைக்கக்கூடிய சிறு பொருள்களுக்குச் சற்றுத் தளர்த்துவதும் நல்ல வழக்கம்.

சோதனைக்கு முன் சரிபார்க்க வேண்டியவை

முதல் சோதனையில் ஆயிரக்கணக்கான மோதல்கள் வந்தால், வடிவமைப்பை ஐயப்படும் முன் மாதிரிகள் சரியாகச் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எல்லா மாதிரிகளுக்கும் தொடக்கப்புள்ளி ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு துறை வேறு தொடக்கப்புள்ளியிலோ வேறு அலகிலோ அனுப்பியிருந்தால் அதன் பொருள்கள் முழுவதும் இடம்பெயர்ந்து நிற்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஒவ்வொரு மாதிரியிலும் ஒரே தூணச்சுச் சந்திப்பையும் ஒரே மாடி மட்டத்தையும் எடுத்து, அவை ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா என்று பார்ப்பது. கட்டமைப்பு மாதிரி அமைப்புத் தளத்திலிருந்தும் கட்டடக்கலை மாதிரி டைல்ஸ் பதித்த தளத்திலிருந்தும் உயரத்தைக் கணக்கிட்டிருந்தால், 50 அல்லது 75 மில்லிமீட்டர் வேறுபாடு எங்கும் ஒரே சீராக வரும். ஒரே அளவு வேறுபாடு எல்லா இடத்திலும் வருவது மட்டக் குழப்பத்தின் அடையாளம்.

அடுத்தது, மாதிரியில் என்னென்ன இருக்கின்றன என்ற கேள்வி. டக்ட் வரையப்பட்டிருக்கும், அதன் காப்புறை வரையப்பட்டிருக்காது. குழாய் இருக்கும், அதைத் தாங்கும் ஹேங்கர் இருக்காது. எஃகு பீம் இருக்கும்; அதன்மேல் பூசப்படும் தீத்தடுப்புப் பூச்சின் தடிமன் இருக்காது. எல்லாத் துறைகளும் ஒரே அளவு விவரத்தில் வரையாவிட்டால், மோதல் இல்லை என்ற முடிவுக்குப் பொருள் இல்லை. அமெரிக்காவின் பிம்ஃபோரம் அமைப்பு விவர அளவை 100 முதல் 400 வரை வகுத்தபோது, 300-க்கும் 400-க்கும் நடுவே 350 என்ற படியைச் சேர்த்தது இந்தத் தேவையால்தான். பொருளின் வடிவம் மட்டும் போதாது. பிற பொருள்களுடன் அது இணையும் பாகங்களும் தாங்கிகளும் மாதிரியில் இருக்க வேண்டும் என்பது அந்தப் படியின் சாரம்.

பின்பு சோதனை அட்டவணை. எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் மோதவிட்டால் பயனற்ற நீண்ட பட்டியல்தான் கிடைக்கும். எந்தத் துறையை எதனுடன், எந்த வரிசையில் சோதிப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கிறார்கள். கட்டமைப்புக்கும் டக்ட்டுக்கும், கட்டமைப்புக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும், பிறகு டக்ட்டுக்கும் குழாய்க்கும் என்று பெரிய பொருள்களில் தொடங்கி, கேபிள் ட்ரே, ஸ்பிரிங்க்ளர், சீலிங் விளக்கு என்று சிறியவற்றுக்கு இறங்குகிறார்கள். பெரிய டக்ட் நகர்ந்தால் சிறியவற்றின் முடிவுகள் எல்லாம் மாறிவிடும் என்பதால் இந்த வரிசை.

யார் நகர்வது

மோதலில் இரு தரப்பு இருக்கும்போது யார் வழிவிடுவது என்பதற்குப் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரு வரிசை உண்டு. எதை நகர்த்துவது மிகக் கடினமோ அது தன் இடத்தில் நிற்கும் என்பதே அதன் அடிப்படை. பீமும் தூணும் முதலில். அடுத்துக் கழிவுநீர்க் குழாய். அது புவியீர்ப்பால் ஓடுவதால் சரிவு மாறாமல் இறங்கிக்கொண்டே போக வேண்டும், நடுவில் ஏற முடியாது. அடுத்துப் பெரிய டக்ட். அதை வளைக்கலாம், ஆனால் ஒவ்வொரு வளைவும் காற்றழுத்தத்தைத் தின்னும். அடுத்துக் குளிர்நீர்க் குழாய். பம்பின் அழுத்தத்தில் ஓடுவதால் ஏறி இறங்கலாம், ஆனால் மேலேறிய இடத்தில் காற்று தங்காதிருக்க வெளியேற்றும் வால்வு வேண்டும். பிறகு கேபிள் ட்ரே, ஸ்பிரிங்க்ளர் கிளைகள், கடைசியாகச் சிறு மின்குழாய்கள்.

விட்டத்தை வைத்து மட்டும் பார்ப்பவர்களுக்கு 110 மில்லிமீட்டர் கழிவுநீர்க் குழாய் 900 மில்லிமீட்டர் டக்ட்டை விட முன்னுரிமை பெறுவது வியப்பாக இருக்கலாம். டக்ட் ஒப்பந்ததாரர் முதலில் வரையும் பழைய வழக்கத்தில் அடிக்கடி சிக்கல் வந்தது இங்கேதான்: டக்ட்டுக்கு இடம் ஒதுக்கி முடித்தபின், சரிவை விட்டுக்கொடுக்க முடியாத குழாய் வந்து நிற்கும்.

ஒரு நடைபாதையின் கணக்கு

இந்த முன்னுரிமை எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் காணலாம். ஆறு மாடிகளிலும் ஒரே அமைப்புள்ள மருத்துவமனை. நடைபாதையின் அகலம் 2,400 மில்லிமீட்டர். உயரங்கள் எல்லாம் முடிக்கப்பட்ட தரையிலிருந்து. கான்கிரீட் பீமின் அடி 3,600-இல் இருக்கிறது. ஃபால்ஸ் சீலிங் 2,700-இல். சீலிங் சட்டத்துக்கும் உள்ளே புதையும் விளக்குக்கும் 150 போனால், பொருள்களுக்குக் கிடைப்பது 2,850 முதல் 3,600 வரை 750 மில்லிமீட்டர்.

ஏசி பொறியாளர் 900 × 400 டக்ட்டை வைத்திருக்கிறார். 25 மில்லிமீட்டர் காப்புறை எல்லாப் பக்கமும் சேர, அதன் உயரம் 450. பீமுக்குக் கீழே 50 இடைவெளி விட்டு அது 3,100 முதல் 3,550 வரை நிற்கிறது. பக்கத்தில் இரண்டு குளிர்நீர்க் குழாய்கள், காப்புறையோடு ஒவ்வொன்றும் 268 மில்லிமீட்டர். அவற்றுக்குக் கீழே கேபிள் ட்ரே. பிளம்பிங் பொறியாளரின் கழிவுநீர்க் குழாய் மேல்மாடிக் கழிப்பறைகளிலிருந்து தொடங்கி, பீம்களுக்குக் கீழே 15 மீட்டர் ஓடி, நடைபாதையைக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்கச் செங்குத்து ஷாஃப்ட்டை அடைகிறது. தொடக்கத்தில் அதன் மேல்விளிம்பு 3,550. சரிவு 100-க்கு 1 என்பதால் 15 மீட்டரில் 150 மில்லிமீட்டர் இறங்குகிறது. நடைபாதையைக் கடக்கும் இடத்தில் குழாய் 3,290 முதல் 3,400 வரை இருக்கும். அது டக்ட்டின் நட்டநடு.

மென்பொருளின் பட்டியலில் இது ஒரு வரியாக வராது. கழிவுநீர்க் குழாய் டக்ட்டையும் அதன் காப்புறையையும், இரண்டு குளிர்நீர்க் குழாய்களையும் அவற்றின் காப்புறைகளையும் வெட்டுவதால் ஒரு மாடிக்கு ஆறு வரிகள்; ஆறு மாடிக்கு 36. எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே. எனவே ஒருங்கிணைப்பாளர் அவற்றை ஒரு குழுவாக்கி, ஒரு தலைப்பும் ஒரு பொறுப்பாளரும் தருகிறார். 36 மோதல்கள் என்று அறிக்கை அனுப்பினால் கூட்டத்தில் யாருக்கும் எதுவும் புரியாது. கடக்கும் இடத்தில் கழிவுநீர்க் குழாயும் டக்ட்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன என்று சொன்னால் பேச்சு தொடங்கும்.

முதல் யோசனை, கழிவுநீர்க் குழாயைப் பீம்களில் துளையிட்டு மேலே கொண்டுபோவது. டக்ட்டுக்கு மேலே போக வேண்டுமானால் குழாயை 300 மில்லிமீட்டர் உயர்த்த வேண்டும். தொடக்கத்திலுள்ள பீமில் துளையின் மையம் ஏறத்தாழ 3,795-இல் விழும். அது பீமின் அடியிலிருந்து 195 மேலே. ஆனால் சரிவால் ஒவ்வொரு பீமிலும் துளை கீழே இறங்கிக்கொண்டே வந்து, கடைசிப் பீமில் அடியிலிருந்து 45 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும். பீமின் அடிக்கம்பிகள் இருக்கும் இடம் அது. கட்டமைப்புப் பொறியாளர் மறுத்துவிடுகிறார்; அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. இரண்டாவது யோசனை, ஷாஃப்ட்டைக் கழிப்பறை அருகே மாற்றுவது. ஆறு மாடிகளிலும் அறைகளின் அளவு மாறும் என்பதால் கட்டடக்கலைஞர் ஏற்கவில்லை.

மூன்றாவது, டக்ட்டைக் கழிவுநீர்க் குழாய்க்குக் கீழே இறக்குவது. குழாயின் அடி 3,290. 50 இடைவெளி விட்டால் டக்ட்டின் மேல்விளிம்பு 3,240, அடி 2,790. விளக்கு மண்டலத்துக்குள் 60 மில்லிமீட்டர் புகுகிறது. எனவே டக்ட்டைத் தட்டையாக்க வேண்டும். 1,200 × 300 என்று மாற்றினால் குறுக்குப்பரப்பு 900 × 400-க்குச் சமம். ஆனால் தட்டையான டக்ட்டில் அதே பரப்புக்குச் சுவர் அதிகம். உராய்வு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். உராய்வு மாறாமல் இருக்க வேண்டுமானால் 1,300 × 300 வேண்டும். சுற்றளவு 2,600-இலிருந்து 3,200 ஆகிறது. தகடு 23 விழுக்காடு கூடுகிறது. அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 4-ஐச் சற்றே தாண்டுகிறது. அதற்கு மேல் தட்டையாக்குவதை வடிவமைப்பாளர்கள் பொதுவாகத் தவிர்ப்பார்கள். காப்புறையோடு அகலம் 1,350. இரண்டு குளிர்நீர்க் குழாய்களையும் சேர்த்தால் 1,886. நடைபாதையில் இடைவெளிகளுக்கும் தொங்குகம்பிகளுக்கும் இன்னும் 500 மில்லிமீட்டர் மிஞ்சுகிறது. எனவே இது முடியும்.

டக்ட்டின் அடி இப்போது 2,890. விளக்கு மண்டலத்துக்கு மேலே 40 மில்லிமீட்டர். சோதனை மோதல் இல்லை என்று காட்டும். ஆனால் டக்ட்டைத் தாங்கும் ஹேங்கர் சட்டத்தின் உயரம் 41 மில்லிமீட்டர். மாதிரியில் ஹேங்கர் இல்லாததால்தான் மோதல் தெரியவில்லை. விளக்குகளுக்கு இடைப்பட்ட இடங்களில் மட்டும் ஹேங்கர் வரும்படி சீலிங் ஒப்பந்ததாரருடன் பேசி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

மாற்றம் அங்கே நிற்கவில்லை. கழிவுநீர்க் குழாய் நடைபாதையைக் கடந்து முடிக்கும்போது மேலும் 24 மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். அதன் கீழே குளிர்நீர்க் குழாய்களை வைத்தால் அவற்றின் அடி 2,950 அருகே வருகிறது. கேபிள் ட்ரே இருந்த இடம் போய்விடுகிறது. ட்ரேயைக் கழிவுநீர்க் குழாய்க்கும் பீமின் அடிக்கும் இடையில் உள்ள 200 மில்லிமீட்டரில் மேலே ஏற்றுகிறார்கள். பீம்களுக்கு நடுவே சிலாப் வரை இடம் இருப்பதால் கேபிள் இழுக்கக் கை நுழையும். மின்கம்பிகள் தண்ணீர்க் குழாய்களுக்கு மேலே போவது பாதுகாப்பும்கூட. இப்படி ஒரு மோதலுக்கான தீர்வு ஏசி, மின்பணி, சீலிங் என மூன்று துறைகளின் வேலையை மாற்றியிருக்கிறது. தீர்வு ஒவ்வொன்றுக்கும் பின் மறுசோதனை கட்டாயம் என்பதற்குக் காரணம் இதுதான்.

முடிவு மாதிரிக்குள் திரும்பும் வழி

கூட்டத்தில் எடுத்த முடிவு அவரவர் மூல மாதிரிக்குப் போய்ச் சேர வேண்டும். மோதல் இருக்கும் இடத்தின் காட்சி, சம்பந்தப்பட்ட பொருள்களின் அடையாள எண்கள், யார் என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பு ஆகியவற்றை மட்டும் சிறு கோப்பாக அனுப்ப பிசிஎஃப் என்ற பொது வடிவம் பயன்படுகிறது. மாதிரி முழுவதையும் அனுப்பத் தேவையில்லை. கோப்பைத் திறந்தவுடன் டக்ட் வரைபவரின் திரையில் அதே கோணத்தில் அதே இடம் தோன்றும்.

நேவிஸ்வொர்க்ஸ் ஒவ்வொரு மோதலுக்கும் `New`, `Active`, `Reviewed`, `Approved`, `Resolved` என்ற நிலைகளை வைத்திருக்கிறது. முதல் முறை தெரிந்தால் `New`, அடுத்த சோதனையிலும் இருந்தால் `Active`, காணாமல்போனால் `Resolved`. இந்தக் கடைசி நிலையை மென்பொருள் தானாகவே தருகிறது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. யாராவது அந்தக் குழாயை நீக்கிவிட்டாலோ, ஒரு துறை அந்த மாடியை விட்டுவிட்டு மாதிரியை அனுப்பினாலோ, மோதல் தீர்ந்ததாகவே காட்டும். குழாயை அழித்து அதே இடத்தில் புதிதாக வரைந்தால் அடையாள எண் மாறும். பழைய மோதல் தீர்ந்ததாகவும் அதே மோதல் புதியதாகவும் பட்டியலில் வரும். ஒரே வாரத்தில் தீர்ந்தவையும் புதியவையும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் கூடினால் இதை ஐயப்பட வேண்டும். ஒவ்வொரு மாதிரியிலும் உள்ள பொருள்களின் எண்ணிக்கையைச் சென்ற வாரத்தோடு ஒப்பிட்டால் காணாமல்போனவை தெரிந்துவிடும்.

இந்தச் சுழற்சி வழக்கமாக வாரம் ஒரு முறை நடக்கிறது: குறித்த நாளில் மாதிரிகள் வந்து சேரும், ஒருங்கிணைப்பாளர் சேர்த்துச் சோதித்துக் குழுவாக்குவார், கூட்டம் முடிவெடுக்கும், துறைகள் திருத்தும். கட்டடம் முழுவதையும் ஒரே நேரத்தில் சோதிக்காமல், மாடி மாடியாக, பகுதி பகுதியாக முடிக்கிறார்கள். எந்தப் பகுதி முதலில் என்பதைக் கான்கிரீட் ஊற்றும் தேதி தீர்மானிக்கிறது. சிலாப்பிலும் பீமிலும் ஸ்லீவ் வைக்க வேண்டிய இடங்கள் ஊற்றுவதற்கு முன் முடிவாக வேண்டும். ஊற்றியபின் துளையிட்டால் கம்பி அறுபடும் ஆபத்து உண்டு. எனவே அட்டவணை பின்னோக்கிப் போடப்படுகிறது: ஊற்றும் நாள், அதற்கு முன் ஸ்லீவ் வரைபடம், அதற்கு முன் எல்லாத் துறைகளின் ஒப்புதல், அதற்கு முன் சில வாரச் சோதனைகள். ஒப்புதல் கிடைத்த பகுதியில் அதன்பின் தன் விருப்பப்படி யாரும் எதையும் நகர்த்தக் கூடாது. தகடு வெட்டும் பட்டறை அந்த மாதிரியை நம்பித்தான் வேலையைத் தொடங்குகிறது.

மாதிரியில் பொருந்தி, பணியிடத்தில் பொருந்தாதவை

மோதல் இல்லாத மாதிரியும் பணியிடத்தில் தோற்கலாம். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக உயிரியல் ஆய்வுக் கட்டடம் இதற்குச் சான்று. பிம் பயன்பாட்டையொட்டி அங்கு எழுந்த முதல் இழப்பீட்டு வழக்காக அது 2011-இல் பொறியியல் இதழ்களில் பேசப்பட்டது. கட்டடக்கலைஞரும் இயந்திரப் பொறியாளரும் சீலிங்குக்கு மேலே எல்லாவற்றையும் மாதிரியில் நெருக்கமாகப் பொருத்தியிருந்தார்கள். அந்தப் பொருத்தம் ஒரு குறிப்பிட்ட வரிசையில் பொருத்தினால் மட்டுமே சாத்தியம் என்பதை ஒப்பந்ததாரருக்குச் சொல்லவில்லை. வேலை ஏறத்தாழ 70 விழுக்காடு முடிந்தபோது மீதியைப் பொருத்த இடமில்லை. சோதனை முதல் இரு வகை மோதல்களைத் தீர்த்திருந்தது. மூன்றாவது வகை யாருடைய பட்டியலிலும் இல்லை.

மற்றொரு காரணம் கட்டுமானத்தின் இயல்பான வேறுபாடு. கான்கிரீட் பீமின் அடி வரைபட உயரத்தில் மில்லிமீட்டர் பிசகாமல் நிற்பதில்லை. மேலே கண்ட நடைபாதையில் பீம் 30 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால், தொடக்கத்தில் 50 இடைவெளியோடு வைத்த கழிவுநீர்க் குழாய்க்கு 20 தான் மிஞ்சும். குழாயைத் தாழ்த்தினால் கடக்கும் இடமும் தாழும். முழுக் கணக்கும் குலையும். நெருக்கமான பகுதிகளில் கட்டமைப்பு எழுந்ததும் லேசர் ஸ்கேனரால் அளந்து, அந்தப் புள்ளிமேகத்தை மாதிரியோடு மீண்டும் மோதவிட்டுப் பார்ப்பது இதனால்தான். மாதிரியில் வரையாமல் விடப்படும் சிறு மின்குழாய்களும் இடத்தைத் தின்னும். அவற்றுக்கென்று ஒரு பட்டையை முன்கூட்டியே ஒதுக்காவிட்டால், முதலில் வேலைக்கு வரும் மின்பணியாளர் டக்ட்டுக்கான இடத்தில் அவற்றைப் பொருத்திவிடுவார்.

ஒருங்கிணைப்பு வென்றதா என்பதை மென்பொருள் கண்டுபிடித்த மோதல்களின் எண்ணிக்கை சொல்லாது. தொடக்க நிலையில் ஒரே பிழை ஆயிரம் வரிகளாகப் பெருகும். ஆயிரத்தைக் குறைத்தோம் என்பது சாதனையாகாது. பணியிடத்தில் என்ன நடந்தது என்பதே அளவை. கலிபோர்னியாவின் மவுன்டன் வியூவில் கட்டப்பட்ட 2,50,000 சதுர அடி கமீனோ மருத்துவக் கட்டடம் பற்றி அதுல் கான்சோடே, மார்ட்டின் ஃபிஷர், டீன் ரீட் ஆகியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு அப்படித்தான் அளந்தது. அங்கே ஏசி, பிளம்பிங், மின்பணி, தீயணைப்புத் துறைகளின் வரைவாளர்கள் ஒரே அறையில் அமர்ந்து மாதிரிகளை ஒருங்கிணைத்தார்கள். கட்டுமானத்தின்போது ஒப்பந்ததாரர்கள் விளக்கம் கேட்டு எழுப்பிய 233 கேள்விகளில் இரண்டு மட்டுமே பணியிட மோதல்களைப் பற்றியவை. பிளம்பிங் குழாய்களைப் பட்டறையிலேயே முன்கூட்டி வெட்டி இணைத்துக் கொண்டுவர முடிந்தது. வெட்டிக் கொண்டுவந்த குழாய் பணியிடத்தில் திருத்தமின்றிப் பொருந்த வேண்டுமானால், அதைச் சுற்றியுள்ள ஒவ்வொரு துறையும் ஒப்புக்கொண்ட இடத்தில் இருந்தாக வேண்டும். முன்தயாரித்த பாகங்கள் எத்தனை திருத்தமின்றிப் பொருந்தின, பணியிட மோதல் பற்றிய கேள்விகள் எத்தனை எழுந்தன என்ற இரண்டு கணக்குகளும் ஒருங்கிணைப்பின் தரத்தைக் காட்டிவிடும்.